வார்ம், கோல்ட் ஆட்டோஇம்யூன் ஹீமோலிட்டிக் அனீமியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் ரத்த வங்கி லேபில் வேலை பார்க்கிறேன். சிவப்பணுவின் மேல் ஆன்டிபாடி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் டெஸ்ட்டின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்டருக்கு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், கடலூரிலிருந்து வந்தாலும் சரி, திண்டிவனத்திலிருந்து வந்தாலும் சரி. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் போட்டு வைத்திருக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்பதுதான் இங்கே.

சார், ரத்தம் கம்மினு தான் வந்தோம். இப்ப "ஆட்டோஇம்யூன்"னு எழுதிக் குடுத்திருக்காங்க. அப்படின்னா என்ன?

வழக்கமாக ரத்தசோகை என்றால் இரும்புச்சத்து போதாமல் சிவப்பணு சரியாக உற்பத்தி ஆகவில்லை என்று நினைப்போம். இங்கே உற்பத்தியில் குறை இல்லை, சொல்லப்போனால் எலும்பு மஜ்ஜை கூடுதலாகவே உழைக்கிறது. உடம்பே தன் சிவப்பணுவுக்கு எதிராக ஒரு ஆன்டிபாடி செய்துவிடுகிறது, அது ஒட்டிய அணுக்கள் சுமார் 120 நாள் வாழ வேண்டியதற்குப் பதிலாகச் சில நாளிலோ சில வாரத்திலோ அழிந்துபோகின்றன. அதனால்தான் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் குறைவாகவும், புதிதாக வந்த இளம் சிவப்பணுவான ரெட்டிகுலோசைட், உடைந்த அணுவிலிருந்து வரும் எல்டிஹெச், மறைமுக பிலிருபின் மூன்றும் கூடுதலாகவும் இருக்கும். கண் மஞ்சளாவதும் இதனால்தான், அது கல்லீரல் கெட்டுப்போன காமாலை இல்லை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டு ஒரு மாதத்தை விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய.

வார்ம்னு போட்டிருக்கு. உடம்புச் சூட்டுனால வந்ததா? இளநீர், மோர்னு குடுத்தா இறங்குமா?

இறங்காது. அங்கே சொல்லப்படும் சூடு ஆன்டிபாடி எந்த வெப்பநிலையில் சிவப்பணுவை நன்றாகப் பிடிக்கிறது என்பது மட்டும். வார்ம் வகை 37 டிகிரியில், அதாவது உடம்பின் சாதாரண வெப்பத்திலேயே, நன்றாக ஒட்டும். எனவே உடம்பு முழுக்க, நாள் முழுக்க, அது வேலை செய்துகொண்டே இருக்கும். கோல்ட் வகை 0 முதல் 4 டிகிரியில் மிக இறுக்கமாக ஒட்டும், சூடு ஏற ஏறப் பிடி தளரும், 37-ல் பெரும்பாலும் கழன்றுவிடும்.

இளநீர் குடிப்பதில் தவறில்லை. ஆனால் கோல்ட் வகைக்காரருக்கு ஐஸ் போட்டுத் தராதீர்கள்.

அது ஏன் ஒரு ஆன்டிபாடி சூட்டுலயும் இன்னொன்னு குளிர்லயும் ஒட்டுது?

இரண்டும் வேறு வேறு வகுப்பு. வார்ம் வகை பெரும்பாலும் ஐஜிஜி, கோல்ட் வகை பெரும்பாலும் ஐஜிஎம். அவை பிடிக்கும் இடமும் வேறு. வார்ம் ஐஜிஜி சிவப்பணுவின் மேல் உள்ள புரதங்களை, முக்கியமாக ஆர்ஹெச் புரதங்களைப் பிடிக்கிறது, அந்தப் பிடிப்புக்கு 37 டிகிரி தோதானது. கோல்ட் ஐஜிஎம் பிடிப்பது பெரும்பாலும் 'ஐ' ஆன்டிஜென் என்கிற சர்க்கரைச் சங்கிலியை. சர்க்கரையோடு ஏற்படும் இந்தப் பிணைப்பு வெப்பத்தை வெளியே விட்டு உண்டாவது என்பதால் குளிரில் இறுகும், சூட்டில் பிரியும்.

உருவமும் கவனிக்க வேண்டியது. ஐஜிஜி சின்னது, இரண்டு கை மட்டும். சிவப்பணுக்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சற்று இடைவெளியில் மிதப்பவை, அந்த இடைவெளியைத் தாண்டி இரண்டு அணுவைச் சேர்த்துப் பிடிக்க ஐஜிஜியின் கை எட்டாது. ஐஜிஎம் அப்படியே ஐந்து ஐஜிஜி சேர்ந்த அளவு பெரியது, பத்து இடத்தில் பிடிக்கும், எளிதாக எட்டும். அதனால்தான் கோல்ட் வகை ரத்தம் குழாயிலேயே கண்ணுக்குத் தெரியும்படி திரிந்து கட்டி கட்டியாக நிற்கும், வார்ம் வகை ரத்தம் பார்ப்பதற்குச் சாதாரணமாகவே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் கூம்ப்ஸ் டெஸ்ட் வேண்டியிருக்கிறது.

சரி, ரத்தம் எங்க உடையுது? நரம்புக்குள்ளயேவா?

பெரும்பாலும் இல்லை, இரண்டு வகையிலும். வார்ம் வகையில் மண்ணீரல். அங்கே ரத்தம் மிக மெதுவாக, குறுகிய சந்துகள் வழியே நகர்கிறது, மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவு அணுக்கள் ஐஜிஜியின் வால்பகுதியைப் பிடிக்கும் ஏற்பியோடு உட்கார்ந்திருக்கின்றன. சில சமயம் முழு அணுவையும் விழுங்கும், பல சமயம் மேல்தோலில் ஒரு துண்டை மட்டும் கடித்துவிட்டு விட்டுவிடும். தோல் குறைந்து உள்ளடக்கம் அப்படியே இருந்தால் தட்டு வடிவம் போய் உருண்டையாகிவிடும், அதுதான் ஸ்மியர் ரிப்போர்ட்டில் வரும் ஸ்பீரோசைட். உருண்டைக்கு வளையத் தெரியாது, அடுத்த சுற்றில் மண்ணீரல் சந்தில் மாட்டிக்கொண்டு போய்விடும்.

கோல்ட் வகையில் முக்கியமாகக் கல்லீரல், அதுவும் ஒரு சுற்றுவழியில். விரல், மூக்கு நுனி, காது மடல் போன்ற குளிர்ந்த இடங்களுக்கு ரத்தம் போகும்போது ஐஜிஎம் ஒட்டுகிறது. ஒட்டிய ஒரே ஒரு ஐஜிஎம் போதும், காம்ப்ளிமென்ட் என்ற புரத வரிசையைக் கிளப்பிவிட. (ஐஜிஜிக்கு அதைச் செய்யப் பக்கத்தில் இன்னொன்றும் வேண்டும்.) ரத்தம் திரும்ப உடம்பின் நடுப்பகுதிக்கு வந்து 37 டிகிரி ஆனதும் ஐஜிஎம் கழன்று போய்விடுகிறது, ஆனால் அது ஒட்டிவைத்த சி3பி என்ற காம்ப்ளிமென்ட் துண்டு அங்கேயே இருக்கிறது. கல்லீரலில் உள்ள குப்ஃபர் அணுக்கள் அந்த சி3பியை அடையாளம் கண்டு அணுவை எடுத்துக்கொள்கின்றன. தப்பியவற்றின் மேல் இருக்கும் சி3பி வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு சி3டி என்ற மிச்சமாகிறது, அந்த மிச்சத்தைக் கல்லீரல் கண்டுகொள்வதில்லை என்பதால் அவை சுற்றிக்கொண்டே இருக்கும்.

காம்ப்ளிமென்ட் கடைசிவரை ஓடினால் அணுவில் ஓட்டை விழுந்து ரத்தக்குழாய்க்குள்ளேயே உடையும், சிறுநீர் கறுத்துப் போகும். சிவப்பணுவின் மேல் அதைத் தடுக்கும் காவல் புரதங்கள் இருப்பதால் பல நேரம் அவ்வளவு தூரம் போகாது. கடும் குளிர் பட்டாலோ காய்ச்சல் வந்தாலோ போகலாம்.

கடலூர்ல குளிர் எங்க சார் இருக்கு? இந்த ஊர்ல எப்படிக் கோல்ட் வகை வரும்?

ஊரின் வெப்பநிலை ஒரு பக்கம், விரலின் வெப்பநிலை இன்னொரு பக்கம். அந்த ஐஜிஎம் எத்தனை டிகிரி வரை பிடித்துக்கொண்டிருக்கும் என்பதுதான் விஷயம், அதை வெப்ப எல்லை என்று வைத்துக்கொள்வோம். எல்லை 10 டிகிரி என்றால் நம் ஊரில் ஆயுசுக்கும் ஒன்றும் தெரியாது. 28, 30 டிகிரி வரை போனால் ஏசி ரூமில் விரல் குளிர்வதே போதும், மார்கழி விடியலில் பைக் ஓட்டுவதும் போதும்.

ஒரு கேஸ் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான். 58 வயது அம்மா, கடலூர் துறைமுகத்தில் மீன் தரம் பிரிக்கிற வேலை, நாள் முழுக்கக் கை ஐஸில். விரல் நீலமாகி மரத்துப் போகும், வெயிலில் நின்றால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். ஐஸில் வேலை செய்கிற எல்லாருக்கும் அப்படித்தானே என்று விட்டுவிட்டார். கூட வேலை செய்கிறவர்களுக்கு விரல் சிவந்துதான் போகும், இவருக்கு நீலம், மூக்கு நுனியிலும் நீலம். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ரத்தம் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் 8.1. பிறகு என்ன ஆனது என்பது அடுத்த பதில்களில் வரும்.

எங்க ரிப்போர்ட்ல எம்.சி.எச்.சி. 68-னு இருக்கு. லேப்காரங்க மெஷின் கோளாறுன்னு சொல்றாங்க. திரும்ப எடுக்கணுமா?

மெஷின் கோளாறு இல்லை, ஆனால் எண் தப்பு. மேலே சொன்ன அம்மாவின் முதல் ரிப்போர்ட்டே இப்படித்தான்: ஹீமோகுளோபின் 8.1, சிவப்பணு எண்ணிக்கை 1.05 மில்லியன், அணுவின் சராசரி அளவான எம்.சி.வி. 112, ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்று சொல்லும் ஹீமட்டோகிரிட் 11.8, எம்.சி.எச்.சி. 68. எம்.சி.எச்.சி. என்பது சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தி என்பது, அது 36, 37-க்கு வெகுவாக மேலே போக இயலாது, 68 என்பது உலகத்தில் இல்லாத எண். நடந்தது இதுதான்: குழாய் ஆறியதும் அணுக்கள் கட்டியாகின, மெஷின் ஒவ்வொரு கட்டியையும் ஒரே பெரிய அணு என்று எண்ணியது, மிகப் பெரிய கட்டிகளை எண்ணவே இல்லை. எண்ணிக்கை விழுந்தது, அளவு ஏறியது. ஹீமோகுளோபினை மட்டும் அணுக்களை உடைத்து அளப்பதால் அது சரியாகவே வந்தது. சரியான ஹீமோகுளோபினைத் தவறான ஹீமட்டோகிரிட்டால் வகுத்து நூறால் பெருக்கினால் 68 சொச்சம் வரும்.

அதே குழாயை 37 டிகிரியில் வைத்து, சூடு ஆறுவதற்குள் திரும்ப ஓட்டினோம். எண்ணிக்கை 2.6, எம்.சி.வி. 96, ஹீமட்டோகிரிட் 25, எம்.சி.எச்.சி. 32.4. ஹீமோகுளோபின் 8.1-லேயே நின்றது. சூடாக்கியதும் நேராகிற இந்த மாற்றமே ஐஜிஎம்மின் கையெழுத்து, கூம்ப்ஸ் போடுவதற்கு முன்பே பாதி பதில் தெரிந்துவிடும். உங்கள் லேபில் திரும்ப எடுக்கும்போது குழாயைச் சூடாக்கி ஓட்டச் சொல்லுங்கள். சும்மா இன்னொரு முறை குத்தி எடுத்தால் அதே 68 தான் வரும்.

கூம்ப்ஸ் பாசிட்டிவ்னு மட்டும் குடுத்திருக்காங்க. இது போதாதா?

போதாது. சாதாரணமாகப் போடும் முதல் கூம்ப்ஸில் ஐஜிஜி, காம்ப்ளிமென்ட் இரண்டையும் பிடிக்கும் கலவை இருக்கும், அதனால் "ஏதோ ஒட்டியிருக்கிறது" என்பது மட்டும்தான் தெரியும். அடுத்து ஐஜிஜிக்குத் தனியாக, சி3டிக்குத் தனியாகப் போட வேண்டும். ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ், அல்லது ஐஜிஜியோடு சி3டியும் என்றால் வார்ம் பக்கம். ஐஜிஜி நெகட்டிவ், சி3டி மட்டும் பாசிட்டிவ் என்றால் கோல்ட் பக்கம். ஐஜிஎம் ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள்: அது சூட்டில் கழன்று போய்விட்டது, மிச்சம் சி3டி தான் என்று முன்பே சொன்னேன்.

அந்த அம்மாவுக்கு ஐஜிஜி நெகட்டிவ், சி3டி மூன்று பிளஸ். அணுக்களை 37 டிகிரி சலைனில் கழுவித்தான் போட்டோம், அறை வெப்பத்தில் கழுவினால் கட்டி நின்று எல்லாமே பாசிட்டிவாகத் தெரிந்திருக்கும். அப்புறம் சீரத்தை எத்தனை மடங்கு நீர்க்க வைத்தாலும் அணுக்கள் கட்டியாகின்றன என்று பார்க்கும் கோல்ட் அக்ளூட்டினின் டைட்டர், 4 டிகிரியில் 512. பொதுவாக 64-க்கு மேல் என்றால் கணக்கில் எடுப்பார்கள். 30 டிகிரியிலும் பிடி இருந்தது, 37-ல் இல்லை. 30-ல் பிடி இருந்ததுதான் 512-ஐ விட எனக்கு முக்கியமாகப் பட்டது, காரணம் வெப்ப எல்லை பற்றிய பதிலில் இருக்கிறது.

டைட்டர் டெஸ்ட்டை வெளியூர் லேபுக்கு அனுப்பினாங்க, 16-னு வந்துச்சு. அப்ப கோல்ட் வகை இல்லைதானே?

எப்படி அனுப்பினார்கள் என்று கேளுங்கள். ரத்தத்தை எடுத்து, உறையவிட்டு, சீரத்தைப் பிரிக்காமலேயே ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்புவது இங்கே சகஜம். பெட்டியில் குளிர்ந்ததும் ஐஜிஎம் எல்லாம் போய் அதே குழாயில் உள்ள சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கும் சீரத்தில் ஆன்டிபாடி காலி. டைட்டர் பொய்யாகக் குறைந்து வரும்.

ரத்தம் எடுத்ததிலிருந்து சீரம் பிரியும்வரை 37 டிகிரியில் இருக்க வேண்டும். ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அதில் குழாயை நிறுத்தி லேபுக்குக் கொண்டுபோனாலே போதும், தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து. பிரித்த பிறகு சீரத்தைக் குளிரில் அனுப்பினால் கெடுதல் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு இதே வியாதி, ஸ்டீராய்டுல சரியாயிடுச்சு. எங்கம்மாவுக்கு ஏன் குடுக்க மாட்டேங்கறாங்க?

பெயர் ஒன்று, வழி வேறு. வார்ம் வகையில் பிரெட்னிசோலோன் தான் முதல் மருந்து, வழக்கமாக எடைக்கு ஏற்ப கிலோவுக்கு 1 மில்லிகிராம். மண்ணீரல் மேக்ரோஃபேஜின் பிடியைத் தளர்த்துவது அதன் முதல் வேலை, ஆன்டிபாடி உற்பத்தி குறைவது அப்புறம். பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இரண்டு மூன்று வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறும். ஏறியதும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் பெரிய ஆபத்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

கோல்ட் வகையில் அழிவு நடப்பது கல்லீரலில், காம்ப்ளிமென்ட் வழியாக. ஸ்டீராய்டு அங்கே பெரிதாகச் செல்லுபடியாகாது, உதவுவதற்கு வேண்டிய அளவு பெரும்பாலும் தாங்க முடியாத அளவாக இருக்கும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். ஐஜிஎம்மை உற்பத்தி செய்வது மஜ்ஜையில் உள்ள ஒரு சிறு பி அணுக் கூட்டம் என்பதால் அதைக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப் கொடுக்கிறார்கள், ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலன் தெரிகிறது. (போடுவதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட் கட்டாயம், உறங்கும் வைரஸை அது எழுப்பிவிடும்.) காம்ப்ளிமென்டை ஆரம்பத்திலேயே மறிக்கும் சுடிம்லிமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2022-ல் அனுமதி கிடைத்தது. ரத்தம் உடைவதை அது நிறுத்தும், விரல் நீலமாவதை நிறுத்தாது. அணுக்கள் கட்டியாவது ஐஜிஎம்மின் வேலை, அதில் காம்ப்ளிமென்டுக்குப் பங்கே இல்லை.

மேலே சொன்ன அம்மாவுக்கு வேறு இடத்தில் ஆறு வாரம் ஸ்டீராய்டு ஓடியிருந்தது, சர்க்கரை 280, ஹீமோகுளோபின் அசையவில்லை. வகை தெரிந்ததும் அதைக் குறைத்து நிறுத்தினார்கள். ஐஸ் வேலையிலிருந்து கணக்கெழுதும் வேலைக்கு மாறினார், ரிட்டுக்ஸிமாப் நான்கு வாரம். மூன்றாம் மாதம் ஹீமோகுளோபின் 10.4.

மண்ணீரலை எடுத்துட்டா பிரச்சனை முடிஞ்சுதுன்னு சொல்றாங்களே?

வார்ம் வகையில் அழிக்கும் இடமே அதுதான் என்பதால் எடுத்தால் பலருக்குப் பலன் உண்டு. இருந்தாலும் இப்போது ஸ்டீராய்டு, ரிட்டுக்ஸிமாப் இரண்டும் கைவிட்ட பிறகே அந்தப் பேச்சு, அதுவும் தடுப்பூசிகள் போட்டுவிட்டு. கோல்ட் வகையில் எடுப்பது வீண், கல்லீரலை எடுக்க முடியாதே.

ரத்தம் ஏத்தணும்னாங்க. ஆனா எந்த பாட்டிலும் மேட்ச் ஆகலைன்னு சொல்றீங்க. ஆளைக் கூட்டிட்டு வரட்டுமா?

ஆள் போதாமல் இல்லை. வார்ம் ஐஜிஜி யாருடைய சிவப்பணுவையும் பிடிக்கும், அண்ணன் தம்பி ரத்தமானாலும் கிராஸ்மேட்ச் ஒத்துப்போகாது. எங்கள் கவலை அதன் அடியில் வேறொரு ஆன்டிபாடி ஒளிந்திருக்கிறதா என்பது, முன்பு ரத்தம் ஏற்றியவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் இருக்கலாம். அதனால் நோயாளியின் சொந்த அணுக்களைக் கொண்டு ஆட்டோ ஆன்டிபாடியை உறிஞ்சி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்போம், அதற்குத்தான் மணிக்கணக்கில் ஆகிறது. கடந்த மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் இந்த முறை செல்லாது, ஆகவே அதை மறைக்காமல் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மேட்ச் ஆகாவிட்டாலும் டாக்டர் பொறுப்பில் கொடுப்போம், கொஞ்சமாக, மெதுவாக, பார்த்துக்கொண்டே. மேட்ச் ஆகவில்லை என்று சொல்லி ரத்தமே தராமல் ஒருவரைச் சாகவிடுவது தவறு.

கோல்ட் வகையில் 37 டிகிரியில் கிராஸ்மேட்ச் செய்தால் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஏற்றும்போது ரத்தத்தை வார்மர் வழியாக விட வேண்டும், நோயாளியின் கையும் போர்வைக்குள். பையை வெந்நீரில் போடும் வேலை மட்டும் வேண்டாம், 42 டிகிரிக்கு மேல் போனால் பையிலேயே அணுக்கள் உடைந்துவிடும்.

ஐஜிஜின்னா வார்ம், ஐஜிஎம்னா கோல்ட். இப்படியே மனசுல வச்சுக்கலாமா?

நூற்றுக்குத் தொண்ணூறு சரி. முக்கியமான விதிவிலக்கு குழந்தைகளிடம். சளிக்காய்ச்சல் விட்டு ஒரு வாரம், பையன் திடீரென்று கோலா நிறத்தில் சிறுநீர் போகிறான், வெளுத்துப் போகிறான். அவனிடம் இருப்பது ஐஜிஜி, ஆனால் குளிரில் ஒட்டுகிறது, 'P' ஆன்டிஜெனைப் பிடிக்கிறது, காம்ப்ளிமென்ட் கடைசிவரை ஓடி ரத்தக்குழாய்க்குள்ளேயே அணுக்கள் உடைகின்றன. 1904-ல் டோனாத், லேண்ட்ஸ்டெய்னர் இருவரும் விளக்கியது இது. டெஸ்ட் எளிது: ஒரு குழாயை ஐஸில் அரை மணி, பிறகு 37-ல் ஒரு மணி வைக்க வேண்டும், இன்னொன்று முழு நேரமும் 37-ல். முதலாவது மட்டும் சிவந்தால் அதுதான். கூம்ப்ஸில் சி3டி மட்டும் தெரியும் என்பதால் சாதாரணக் கோல்ட் வகை என்று ஏமாறலாம், டைட்டர் போட்டால் அதிகம் இருக்காது. பெரும்பாலும் சில வாரத்தில் தானே போய்விடும், அதுவரை சூடாக வைத்துக்கொண்டு தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றுவார்கள்.

இரண்டும் கலந்தே இருப்பவர்களும் உண்டு. 37-லேயே பிடிக்கும் ஐஜிஎம்மும் அபூர்வமாக உண்டு, அது எல்லாவற்றையும்விட மோசமானது.

கூம்ப்ஸ் நெகட்டிவ். ஆனா டாக்டர் அதே வியாதிதான்னு மருந்து குடுக்கறார். நம்பலாமா?

நம்பலாம், மற்ற அடையாளங்கள் இருந்தால். வழக்கமான கூம்ப்ஸுக்குத் தெரிய அணு ஒன்றுக்குச் சில நூறு ஐஜிஜியாவது ஒட்டியிருக்க வேண்டும், அதைவிடக் குறைவானதையும் மண்ணீரல் கண்டுபிடித்துவிடும். பிடி தளர்ந்த ஐஜிஜியாக இருந்தால் நாங்கள் கழுவும்போதே போய்விடும். எங்கள் ரீஏஜென்ட்டில் இல்லாத ஐஜிஏவாகவும் இருக்கலாம். ஸ்மியரில் ஸ்பீரோசைட், ரெட்டிகுலோசைட் ஏற்றம், ஹாப்டோகுளோபின் குறைவு எல்லாம் இருந்து, பரம்பரை ஸ்பீரோசைட்டோசிஸ் போன்ற வேறு காரணம் இல்லை என்றும் பார்த்துவிட்டால் அவர் சொல்வது சரியாகவே இருக்கும்.

கோல்ட் வகைன்னு தெரிஞ்சுபோச்சு. இப்ப அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். யார்கிட்ட சொல்லணும்?

சர்ஜனிடம் மட்டும் இல்லை, மயக்க மருந்து டாக்டரிடமும், ரத்த வங்கியிலும், நாள் குறிப்பதற்கு முன்பே. இதய ஆபரேஷனில் சில சமயம் உடம்பையும் இதயத்துக்குள் விடும் திரவத்தையும் வேண்டுமென்றே குளிர்விப்பார்கள், வெப்ப எல்லை அதிகமுள்ள ஆளுக்கு அங்கே ரத்தம் குழாய்க்குள்ளேயே கட்டியாகும். முன்கூட்டித் தெரிந்தால் 37 டிகிரியிலேயே வைத்துச் செய்ய முடியும், தியேட்டர் ஏசியின் குளிரைக் குறைத்து வைப்பார்கள், டிரிப்பைச் சூடாக்கி விடுவார்கள். கையில் கொண்டுபோக வேண்டியது டைட்டர் ரிப்போர்ட், அதில் 4 டிகிரி எண் மட்டும் இருந்தால் 20, 30, 37 டிகிரியிலும் போடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.